அடிக்குத்தான் காசு

அந்த அறையில் ஏசி கொஞ்சம் அதிகம். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஓர் ஓடிடி நிறுவனத்துக்காகத் தமிழ்த் தொடர்களைத் தேர்வு செய்கிறவர். நானும் துணை இயக்குநரான என் நண்பனும் ஏழு மாதம் உட்கார்ந்து எழுதிய 64 பக்க ஆவணம் அவர் முன்னால் இருந்தது. ஸ்பைரல் பைண்டிங், அட்டையில் ஒரு போர் வண்டியின் புகைப்படம், தலைப்பு 'ஆயிரம் அடி'. அவர் அதை நிஜமாகவே படித்திருந்தார். ஓரங்களில் பென்சில் குறிப்புகள் தெரிந்தன.

"நல்லா ரிசர்ச் பண்ணியிருக்கீங்க," என்றார். வேலைக்கான நேர்காணல்களில் இந்தத் தொனியைக் கேட்டிருக்கிறேன். அடுத்து ஒரு 'ஆனால்' வரும். வந்தது.

"இப்ப ஒரு புதன்கிழமை காலைல அஞ்சாவது எபிசோட் எழுத உக்கார்றீங்கன்னு வெச்சுக்குவோம். என்ன எழுதுவீங்க?"

நான் 51ஆம் பக்கத்தைப் புரட்டினேன். அங்கே ஐந்தாவது எபிசோடுக்கு ஒரு பத்தி இருந்தது.

"இதை நானும் படிச்சேன். இந்தப் பக்கம் தொலைஞ்சு போச்சு. மிச்சம் 63 பக்கம் மட்டும் இருக்கு. அதை வெச்சு என்ன எழுதுவீங்க?"

என்னிடம் பதில் இல்லை. நண்பன் தண்ணீர் குடித்தான்.

தொடர் எழுதுகிறவர்கள் இந்த ஆவணத்தை 'பைபிள்' என்கிறார்கள். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தொடர் ஓடத் தொடங்கிய பிறகு எழுத்தாளர்கள் அறையில் வைத்துக்கொள்வது. யாருக்கு என்ன வயது, யார் யாரிடம் என்ன பொய் சொன்னார்கள், எந்த வீட்டுக்கு எத்தனை வாசல் என்று வளர்ந்துகொண்டே போகும். இன்னொன்று, தொடர் இன்னும் பிறக்காதபோது, பணம் போடப்போகிறவரிடம் கொடுப்பது. முதல் வகை நினைவுக்கு உதவுகிறது. இரண்டாவது வகை ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: இந்த உலகத்திலிருந்து தொடர்ந்து கதை வருமா? நாங்கள் இரண்டாவது வகையை எழுத உட்கார்ந்து, ஏழு மாதத்தில் முதல் வகையை எழுதி முடித்திருந்தோம். தொடரே இல்லாத ஒரு தொடருக்கான நினைவுக் குறிப்பு.

இது எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கக் கூடாது. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு விண்ணப்பத்தை யார் பயன்படுத்தப்போகிறார்கள் என்று தெரிவதற்கு முன்பே அதன் தரவுத்தளத்துக்கு நாற்பது அட்டவணை வரைந்துவைக்கும் ஆட்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். பைபிளில் நான் செய்ததும் அதுதான். ஒரு ராடு 20 அடி. துளையின் விட்டம் ஆறரை அங்குலம். ஹேமர் எப்படி வேலை செய்கிறது, கம்ப்ரசரின் காற்று ராடு வழியாக இறங்கிப் பாறைத்தூளை எப்படி மேலே தள்ளுகிறது, மேல்மண் சரியாமலிருக்க கேசிங் பைப்பை எதுவரை இறக்குகிறார்கள். எல்லாம் சரியான தகவல்கள்தான். ஆனால் அதில் ஒன்றிலிருந்தும் யாரும் யாரோடும் சண்டை போட முடியாது.

திருச்செங்கோட்டைத் தெரிந்தவர்களுக்கு இந்த உலகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: இந்தியாவின் எந்த மூலையில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டி நின்றாலும், அதன் பதிவெண்ணைப் பாருங்கள். திருச்செங்கோட்டு வண்டியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு ரிக் வண்டி, பின்னாலேயே ராடும் டீசலும் ஏற்றிய ஒரு துணை லாரி, எட்டுப் பத்து ஆட்கள். மாதக்கணக்கில் வீடு திரும்ப மாட்டார்கள். என் அப்பா அப்படிப் போனவர். முதலில் டிரில்லராக, பிறகு ஒரு வண்டியில் கால் பங்குக்காரராக. என் பள்ளிப் பருவம் முழுக்க அவர் ஒரு போன் குரல், தீபாவளிக்கு வந்து இறங்கும் ஒரு டீசல் வாசனை. அந்த உலகத்தைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைத்ததற்கு அதுதான் காரணம். அதை எழுதத் தெரியாமல் போனதற்கும் அதுவே காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது.

கூட்டம் முடிந்து திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், மற்றவர்கள் எழுதியதைத் தேடிப் படித்தது. இணையத்தில் சில பைபிள்கள் கிடைக்கின்றன. 'ஸ்டார் ட்ரெக்' தொடருக்காக 1967இல் எழுத்தாளர்களுக்குக் கொடுத்த கையேடு அதில் ஒன்று. விண்கலத்தின் நீள அகலத்தைச் சொல்லித் தொடங்கும் என்று எதிர்பார்த்தேன். அது ஒரு தேர்வு வைத்துத் தொடங்குகிறது. ஒரு காட்சி: எதிரிக் கலம் தாக்குகிறது, சாவு நிச்சயம், கேப்டன் தன் உதவியாளரான பெண்ணை அணைத்து ஆறுதல் சொல்கிறார். இந்தக் காட்சியில் என்ன தவறு என்று கையேடு கேட்கிறது. அறிவியல் தவறா, கலைச்சொல் தவறா என்று நாம் தேடிக்கொண்டிருப்போம். விடை வேறு. இன்றைய போர்க்கப்பல் ஒன்றின் கேப்டன் தாக்குதல் நடக்கும்போது அப்படிச் செய்வாரா? மாட்டார். அப்படியென்றால் இவரும் செய்ய மாட்டார். அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். அது உலகத்தைத் தகவலாகத் தரவில்லை, விதியாகத் தருகிறது. இந்தக் கலத்தில் ஒருவர் எதைச் செய்வார், எதைச் செய்யவே மாட்டார் என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு வேறு யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

எங்கள் 64 பக்கத்தில் அப்படி ஒரு விதியாவது இருக்கிறதா என்று தேடினேன். 23ஆம் பக்கத்தில், கட்டண முறை என்ற துணைத்தலைப்புக்குக் கீழே, இரண்டு வரியாகக் கிடந்தது. போர் போடுகிறவருக்கு அடிக்கணக்கில்தான் காசு. முதல் 300 அடி வரை ஒரு விலை, அதற்குமேல் நூறு நூறு அடியாக விலை ஏறும். தண்ணீர் வந்தாலும் காசு, வராவிட்டாலும் காசு.

இதை நான் ஒரு தகவலாக எழுதிவைத்துக் கடந்து போயிருந்தேன். இதிலிருந்து என்னவெல்லாம் பிறக்கிறது என்று பாருங்கள். 180 அடியிலேயே தண்ணீர் வந்துவிட்டால் வீட்டுக்காரர் சூடம் ஏற்றிக் கும்பிடுவார், ரிக்காரருக்கு வண்டி வந்துபோன டீசல்கூடத் தேறாது. 900 அடி போயும் வெறும் புகை வந்தால் விவசாயி தலையில் கைவைத்து உட்காருவார், ரிக்காரருக்கு அன்று நல்ல வரும்படி. ஒருவரின் அதிர்ஷ்டம் இன்னொருவரின் நட்டம். இவர்கள் இருவரும் இரவெல்லாம் ஒரே துளையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். அதிலும் பாறைத்தூளின் நிறத்தைப் பார்த்து இனிமேல் தண்ணீர் இல்லை என்று ஊகிக்கும் அனுபவம் யாருக்கு இருக்கிறதோ, அவருக்குத்தான் தொடர்ந்து தோண்டினால் காசு.

தொடரின் எஞ்சின் என்று சொல்வது இதைத்தான். ஒவ்வொரு எபிசோடும் ஒரு பாயிண்ட். வண்டி போய் நிற்கும், ராடு இறங்கும், ஒரு கட்டத்தில் யாராவது கேட்பார்கள்: "இன்னும் நூறு அடி போலாமா?" அந்தக் கேள்வி எட்டு எபிசோடிலும் வரும். கேட்கிறவர் மாறுவார், கேட்கும் காரணம் மாறும், பதிலுக்கான விலை மாறும். அஞ்சாவது எபிசோடின் பக்கம் தொலைந்துபோனால் என்ன எழுதுவேன்? புதிதாக ஒரு பாயிண்டைக் கண்டுபிடிப்பேன். பெங்களூர் ஓரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, தண்ணீர் லாரிக்குக் காசு கொடுத்துக் களைத்துப்போன நாற்பது குடும்பங்கள், ராத்திரி சத்தத்துக்குச் சண்டைக்கு வரும் பக்கத்துக் கட்டிடம். நூறு அடிக்கு யார் பங்கு தருவது, தரைத்தளத்துக்காரரும் மொட்டைமாடி வீட்டுக்காரரும் சமமாகத் தர வேண்டுமா? அந்தப் புதன்கிழமை காலை எனக்கு இப்போது பயமாக இல்லை.

உலகத்துக்கு ஒதுக்கியிருந்த 19 பக்கங்களை இரண்டாகக் குறைத்தேன். ஒரே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். இந்தத் தகவலால் இருவருக்குள் ஒரு தகராறு வருமா? வந்தால் இருக்கட்டும். ராடின் நீளம்கூட இந்தச் சோதனையில் தேறியது. 20 அடி ராடு என்பதால் 800 அடி என்பது 40 ராடு. வெளியே நிற்கும் விவசாயிக்கு அடி தெரியாது, இறங்கிய ராடை எண்ணிக்கொண்டிருப்பார். எண்ணிக்கை தவறிவிட்டால் பில்லில் சண்டை. கம்ப்ரசரின் அழுத்தத்தை வைத்து ஒரு சண்டையும் வரவில்லை. போயிற்று.

பாத்திரங்கள் அடுத்த சிக்கல். முதல் வடிவத்தில் பதினொரு பேர் இருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பிறந்த ஊர், படித்த பள்ளி, பிடித்த நடிகர், பள்ளிக்கூடத்தில் தவறவிட்ட காதல். படிக்கச் சுவாரசியமாகத்தான் இருந்தது. ஆனால் எல்லோரும் ஒரே ஆள் மாதிரிப் பேசினார்கள், என்னைப் போல. இதைக் கண்டுபிடிக்க நண்பன் ஒரு வழி சொன்னான். வாழ்க்கை வரலாற்றை மூடி வைத்துவிட்டு எல்லோரையும் ஒரே இடத்தில் நிறுத்து. 800 அடி, ராத்திரி இரண்டரை மணி, புகை, விவசாயி வந்து அந்தக் கேள்வியைக் கேட்கிறார். ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்று ஒரு வரி எழுது.

எழுதினேன். வண்டி முதலாளி செங்கோடன் (52 வயது) சொல்கிறார்: "உங்க இஷ்டங்க." மரியாதையான பதில். அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். கணக்குப் பார்க்க இந்த ஆண்டுதான் வண்டியோடு வரத் தொடங்கிய அவர் மகள் பூங்கொடி, முன்பணம் எத்தனையாவது அடியில் தீர்ந்தது என்று நோட்டைப் பார்க்கிறாள். டிரில்லர் மாதேஷ் தூளை விரலில் தேய்த்துப் பார்க்கிறார், அவருக்குத் தெரிந்துவிடுகிறது, விவசாயியைப் பார்க்காமல் முதலாளியைப் பார்க்கிறார். சத்தீஸ்கரிலிருந்து வந்த பத்தொன்பது வயது சுக்லால், அடுத்த ஐந்து ராடுக்கு எவ்வளவு நேரம் ஆகும், அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் தூங்கலாம் என்று கணக்குப் போடுகிறான். பாயிண்ட் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட் ஜெயராமன், "அம்பது அடியில பாறை மாறுதுங்க, நான் பாத்திருக்கேன்," என்கிறார். அவருக்கும் அடிக்குத்தான் கமிஷன்.

மீதி ஆறு பேரின் பதில்கள் இந்த ஐந்தில் ஏதோ ஒன்றாகவே இருந்தன. செங்கோடனின் பங்குதாரர் என்று ஒருவர் இருந்தார், எனக்கு மிகவும் பிடித்தவர், நகைச்சுவையாகப் பேசுவார். அவர் பதிலும் "உங்க இஷ்டங்க"தான். அவருடைய நகைச்சுவையை மாதேஷுக்குக் கொடுத்துவிட்டு அவரை நீக்கினேன். நீரோட்டம் பார்க்கிறவர் ஒருவர், கையில் தேங்காயோடு, ஏஜென்டுக்குள் கரைந்துபோனார். ஐந்து பேர் மிஞ்சினார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து நான்கு பக்கம்.

இந்த வடிவத்தை அப்பாவிடம் கொடுத்தேன். வண்டியை விற்றுவிட்டு இப்போது வீட்டில்தான் இருக்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் எடுத்துப் படித்தார். முதல் எபிசோடில் சிரித்துவிட்டார்.

"ஏஞ்சாமி, இவரு வண்டிய நிறுத்தச் சொல்றாரே, எதுக்கு?"

அப்போது முதல் எபிசோட் வேறு மாதிரி இருந்தது. அனந்தபூர் மாவட்டத்தில் ஒரு நிலக்கடலை விவசாயி. 900 அடியில் அவர் பணம் தீர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் செங்கோடன் வண்டியை நிறுத்தச் சொல்லி, பாதிக் காசு போதும் என்று கிளம்புவார். நல்ல மனிதர் என்று நிறுவும் காட்சி. அதை எழுதியபோது எனக்குக் கண் கலங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"பாவம் பாத்துத்தானுங்கப்பா," என்றேன்.

"அப்பறம் தவணை ஆரு கட்டறது? வண்டி கடன்லதான நிக்குது. டீசல் பங்குல கடன். பசங்களுக்குக் கூலி. பாவம் பாக்கலாஞ்சாமி. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த எடத்துல நின்னுட்டுப் பாக்க முடியாது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும்போது நடந்த ஒன்றைச் சொன்னார். அதுவும் அனந்தபூர் பக்கம்தான். நான் அந்த ஊரைக் கதையில் வைத்ததற்கு அவர் அடிக்கடி அந்தப் பெயரைச் சொன்னதுதான் காரணம், ஏன் அடிக்கடி சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஒரு விவசாயி, ஏற்கெனவே இரண்டு போர் புகைந்து போனவர். நூறு நூறு அடியாக ஐந்து முறை கேட்டாராம், தெலுங்கில். ஐந்து முறையும் அப்பா சரி என்று தலையாட்டியிருக்கிறார்.

"மூணாவது வாட்டியே எனக்குத் தெரியும். தூளு நெறமே மாறல. நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை நாஞ் சொல்லல. அவரு கேட்டாரு, நாம் போட்டேன். காசு வாங்கிட்டு வந்துட்டோம்."

அந்த விவசாயி பிறகு என்ன ஆனார் என்று கேட்டேன். தெரியாது என்றார். அடுத்த பாயிண்டுக்குப் போய்விட்டார்கள்.

"அந்தக் குழியில எறக்குன கேசிங்க உருவிக் குடுத்துட்டு வந்தோம். வேற எடத்துக்கு ஆகுமுன்னு அவருதாங் கேட்டாரு. பைப்பு வெல அப்பிடி. மேல ஒரு சாக்கப் போட்டுக் கல்ல வெச்சாங்க."

இதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் 64 பக்கத்தில் ஹேமரைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். உருவப்பட்ட கேசிங்கைப் பற்றி ஒரு வரி இல்லை. தோற்ற போர்வெல்கள் ஏன் வாய் திறந்தபடி கிடக்கின்றன என்பதற்கு அதுவும் ஒரு காரணம். மேல்மண்ணைத் தாங்க இறக்கிய பைப்பு காசு பெறும், அதனால் வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு வெறும் துளை.

முதல் சீசனின் வளைவு அன்றைக்குத்தான் கிடைத்தது. அதுவரை வளைவு என்று நான் எழுதியிருந்தது நிகழ்ச்சிகளின் வரிசை. அதற்கு நானே வைத்த சோதனை எளிமையானது. ஐந்தாவது எபிசோடையும் ஆறாவதையும் இடம் மாற்றிப் படி. யாருக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் அங்கே வளைவு இல்லை. எங்கள் எட்டில் ஆறு எபிசோடுகளைச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துப் போடலாம். நிரல் எழுதுகிறவர்கள் பாஷையில் சொன்னால், எதுவும் எதையும் சார்ந்து இல்லை.

புதிய வடிவத்தில் சீசனுக்கு ஒரு கேள்வி: செங்கோடன் 'நிறுத்துங்க' என்ற ஒரு வார்த்தையைச் சொல்வாரா? முதல் எபிசோடில் சொல்ல மாட்டார். 920 அடி, தண்ணீர் இல்லை, விவசாயி நரசிம்மலுவின் கடைசிக் காசு, உருவிய கேசிங், சாக்கு, கல். வண்டி கிளம்புகிறது. துளை அங்கேயே இருக்கிறது. இரண்டாவது எபிசோட் ஒரு கல்யாண மண்டபம். 180 அடியில் தண்ணீர், ஊரே கொண்டாட்டம், முதலாளிக்கு நட்டம், அந்த நட்டத்தால் மூன்றாவது எபிசோடில் வேண்டா வெறுப்பாகப் பெங்களூர் அடுக்குமாடி வேலையை ஒத்துக்கொள்கிறார். அவசரமாக ஒத்துக்கொண்ட வேலை என்பதால் நான்காவதில் தேய்ந்த பிட்டை மாற்றாமல் ஓட்டி, ஹேமர் துளைக்குள் சிக்கிக்கொள்கிறது. எடுக்க முடியாவிட்டால் ராடோடு போய்விடும். சீசனின் நடுப்புள்ளி அது. முதன்முறையாக, ஒரு துளை அவருடைய பணத்தை விழுங்குகிறது, இன்னும் கொஞ்சம் முயன்றால் வந்துவிடும் என்று அவரே நம்பத் தொடங்குகிறார். நரசிம்மலு நின்ற இடத்தில் இப்போது அவர் நிற்கிறார், ஆனால் அதை அவர் உணர்வதில்லை.

உணர்வது பூங்கொடி. ஹேமர் நட்டத்துக்குப் பழைய பாக்கிகளைத் தேடும்போது, ஐந்தாவதில், நரசிம்மலு கொடுக்க வேண்டிய மீதி 11,000 ரூபாய் நோட்டில் கிடைக்கிறது. அதை வசூலிக்க அவள் போன் செய்கிறாள். ஆறாவதில் பதில் வருகிறது. ஏழாவதில் செங்கோடன் தன் தங்கையின் காட்டில் போர் போட வேண்டிய கட்டாயம், இந்த முறை அடிக்குக் காசு கிடையாது, டீசல் அவருடையது. 600 அடியில் தங்கை கேட்கிறாள், "இன்னும் நூறு அடி போலாமாண்ணா?" அவர் அந்த வார்த்தையைச் சொல்கிறார். ஆனால் தன் காசு என்பதால்தான் சொன்னாரா? தங்கையும் அதையேதான் கேட்கிறாள். அதற்குப் பதிலாகத்தான் எட்டாவது எபிசோடில் வண்டி அனந்தபூருக்குத் திரும்புகிறது. இப்போது இடம் மாற்றிப் பார்த்தால் எல்லாம் உடைகிறது. நல்லது.

முழு ஆவணம் 14 பக்கத்துக்கு வந்தது. ஒரு பக்கம் ஒற்றை வரிக் கதையும் தொனியும், உலகம் இரண்டு, எஞ்சின் ஒன்று, பாத்திரங்கள் நான்கு, முதல் எபிசோட் இரண்டு, சீசன் மூன்று, அடுத்த சீசன்கள் ஒன்று. பழைய 64 பக்கமும் வீணில்லை. யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்ல அது என்னிடம் இருக்கிறது. கொடுப்பதற்கு 14 போதும்.

இரண்டாவது கூட்டத்துக்கு அதே அறை, அதே ஆள். இந்த முறை அவர் பென்சில் குறிப்புகள் வேறு மாதிரி இருந்தன. நாற்பது நிமிடம் பேசினோம். பூங்கொடியின் ஐந்தாவது எபிசோட் அவருக்குப் பிடித்திருந்தது. கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

"அந்தத் துளை முதல் எபிசோட்ல இருந்து திறந்தே இருக்கு. ஆடியன்ஸ் பாத்துட்டாங்க. கடைசியில ஒரு குழந்தை விழணும்ல?"

இந்தக் கேள்வி வரும் என்று எங்களுக்குத் தெரியும். நியாயமான கேள்விதான். 2017இல் 'அறம்' படம் முழுக்க அந்தத் துளைதான். 2019 அக்டோபரில் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தை விழுந்தபோது, தமிழ்நாடே நான்கு நாள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. எங்கள் வீட்டிலும் ஓடியது. அப்பா அந்த நான்கு நாளும் டிவி இருந்த அறைக்குள் வரவில்லை. அப்போது அதை நான் கவனிக்கவில்லை.

இல்லை, விழாது என்று சொன்னேன். எட்டு எபிசோடும் அந்தச் சாக்கு நம் மனதில் இருக்கும், ஆனால் எதுவும் விழாது. செங்கோடன் திரும்பி வந்து அதை மூடுகிறார், அதுதான் முடிவு. 'தி வயர்' தொடருக்காக டேவிட் சைமன் 2000ஆம் ஆண்டு எச்பிஓவுக்குக் கொடுத்த பைபிளை உதாரணம் காட்டினேன். போலீஸ் கதை என்றாலும், பார்க்கிறவருக்குக் கடைசியில் கிடைக்கப்போவது விலங்கு மாட்டும் திருப்தி இல்லை என்பதை அவர் அந்த ஆவணத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். எதைத் தர மாட்டோம் என்பதையும் பைபிளில் எழுத வேண்டும் என்று அதிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். எங்கள் 14ஆம் பக்கத்தில் அந்த வரி இருந்தது: இந்தத் தொடரில் குழந்தை விழாது.

"புரியுது. ஆனா இதை நான் மேல எப்படி விக்கிறது?" என்றார். அவரும் அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் பேசுகிறார் என்பது புரிந்தது. பொய்யாக ஒரு சரி சொல்லியிருக்கலாம். 'லாஸ்ட்' தொடருக்காக 2004இல் எழுதப்பட்ட ஆவணம் ஒவ்வொரு எபிசோடும் தனித்தனியாக முடியும் என்று வாக்குக் கொடுக்கிறது. அந்தத் தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்த வாக்கு என்ன ஆனது என்று தெரியும். பைபிளில் கொடுக்கும் வாக்கைப் பிறகு மீறலாம், பலர் மீறியிருக்கிறார்கள். வெளியே வந்ததும் நண்பன் அதைத்தான் சொன்னான். "குழந்தை விழும்னு எழுதிட்டு, ரூம்ல போய் மாத்தியிருக்கலாம்டா." அவன் சொல்வதில் தவறில்லை. அவன் ஏழு மாத வாடகை இதில் போயிருந்தது, என் சம்பளம் மாதா மாதம் வந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் அவன் போன் எடுக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து, இந்த ஆண்டுத் திட்டத்தில் பொருந்தவில்லை என்று மின்னஞ்சல் வந்தது. இப்போது வேறொரு இடத்தில் கொடுத்திருக்கிறோம். அங்கே என்ன கேட்பார்கள் என்று தெரியும். 14ஆம் பக்கத்தை அப்படியே விட்டிருக்கிறோம், நண்பனும் சம்மதித்தான், கொஞ்சம் யோசித்துத்தான்.

புதிய வடிவத்தை அப்பாவிடம் காட்டத் தயங்கினேன். அவர் சொன்னதை அப்படியே எடுத்திருக்கிறேன். பெயரையும் அடிக்கணக்கையும் மாற்றியதைத் தவிர. ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் வைத்துவிட்டு டீ போடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கடைசிப் பக்கத்தில் இருந்தார்.

"மூடி போட்டு வெல்டிங் வெக்கறாருன்னு எழுதியிருக்க."

"ஆமாங்கப்பா."

"கேசிங்க உருவியாச்சல்லொ. எதுல வெல்டிங் வெப்பாரு?"

நான் யோசிக்கவே இல்லை. ஏழு மாத ஆராய்ச்சி, 64 பக்கம்.

"மூடியெல்லாம் வேண்டாஞ்சாமி. அந்தக் குழியில இருந்து வந்த தூளு பக்கத்துலயே குவிஞ்சு கெடக்கும். அதையே அள்ளி உள்ள போடோணும். தரை மட்டம் வர்ற வரைக்கும்."

ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறரை அங்குல விட்டம், 920 அடி ஆழம். ஏறக்குறைய 212 கன அடி, இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் அதிகம். மண்வெட்டியோடு இரண்டு பேர் என்றால் ஒரு நாள் வேலை. கைவிட்ட போர்வெல்லை அடியிலிருந்து தரை வரை மண்ணும் கல்லும் தூளும் போட்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் கொடுத்த வழிகாட்டுதலும் அதையேதான் சொல்கிறது.

எட்டாவது எபிசோடின் பத்தியைத் திருத்தினேன். செங்கோடன் மண்வெட்டி எடுக்கிறார், பூங்கொடி கூடை எடுக்கிறாள், நரசிம்மலு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்து சேர்ந்துகொள்கிறார். ஒரு நாள் முழுக்க. வசனம் இல்லை. அடுத்த நாள் காலை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "ம்," என்றார். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டேன். அனந்தபூரிலிருந்து எந்தப் பக்கம், எத்தனை கிலோமீட்டர் என்று. ஒரு பழைய நோட்டு அலமாரியில் இருக்கும், தேடித் தருகிறேன் என்றார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.